மாதம் ஒரு நீல இன்ஹேலரா?

ஆஸ்துமா உள்ள நீங்கள் சொன்னது இது: “நீல இன்ஹேலர் அடிச்சா உடனே மூச்சு சீராகுது. மாசம் ஒண்ணு தீருது, அதுவே போதும். இன்னொண்ணு வீண் செலவு.”

உடனே சீராவது உண்மைதான். ஆனால் அதிலுள்ள சால்புடமால் இறுகிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் தளர்த்துகிறது, அவ்வளவே; உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைப்பது நீங்கள் வீண் செலவு என்று சொல்லும் அந்த இன்னொன்று, அதாவது பியூடெசொனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். பலன் தெரிய நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். அதனால்தான் பலர் ‘வேலை செய்யல’ என்று பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கணக்கையே பாருங்கள். ஒரு டப்பாவில் 200 முறை அடிக்கலாம். மாதம் ஒன்று என்றால் தினம் ஆறேழு முறை! வருடத்துக்கு 3 டப்பா ஆனாலே கடும் இழைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. 12 என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. டாக்டரைச் சீக்கிரம் பாருங்கள்.

அப்புறம், எது எந்த இன்ஹேலர் என்று நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வது பாதி சரி. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்தின் பெயரைப் படியுங்கள்.