ஸ்க்ரீன்ஷாட்ல கேள்வி எங்கம்மா இருக்கு?

நேத்து ராத்திரி பத்தரை மணி இருக்கும், சாப்பிட்டு திண்ணையில உக்காந்தேன், திருமங்கலத்துல இருந்து நம்ம ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கு வர்ற பொண்ணு ஒரு படம் அனுப்பிருந்துச்சு. "சார் இது எப்படி போடணும்"ங்கிற ஒத்த வரி. பேங்க் கிளர்க் பிரிலிம்ஸ் மாக் டெஸ்ட், லேப்டாப் ஸ்க்ரீனை அப்படியே முழுசா எடுத்து தட்டி விட்ருக்கு. மேல டைமர், அந்தப் பக்கம் பேரும் போட்டோவும், வலது பக்கம் பூரா 1ல இருந்து 35 வரைக்கும் பச்சை சிகப்பு வெள்ளைன்னு கட்டம் கட்டமா நம்பர், கீழ நாலு பட்டன், அதுக்கும் கீழ லேப்டாப்போட பேட்டரி, மணி, தேதி. கேள்வி? நடுவுல மூணு வரி, சித்திரைத் திருவிழா கூட்டத்துல தொலைஞ்ச பிள்ளை மாதிரி நிக்குது.

பெருசு பண்ணிப் பார்த்தேன், எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. பதினஞ்சு இன்ச் ஸ்க்ரீனை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கி, போதாக்குறைக்கு அனுப்பும்போது ஆப் வேற ஒரு தடவை சுருக்கினா வேற என்ன ஆகும். ஒரு மாதிரி ஊகிச்சுப் படிச்சேன்: ஒரு தொகைக்கு 2 வருஷத்துல கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் வித்தியாசம் 64 ரூபாய், வட்டி 6%, தொகை எவ்வளவு. சரின்னு போட்டா 17,777.77 வருது. அங்கேயே தெரிஞ்சு போச்சு, எங்கயோ தப்பாப் படிச்சுருக்கேன்னு. இந்தப் பரீட்சையில கேள்வி எடுக்குறவங்க இப்படி இழுத்துக்கிட்டே போற நம்பரை விடையா வைக்க மாட்டாங்க, ஆப்ஷன்லயும் அது இல்ல.

"கேள்வியை மட்டும் வெட்டி அனுப்பும்மா, ஆப்ஷனோட"ன்னேன். வந்துச்சு. 6% இல்லங்க, 6¼%! அந்த கால் கடுகு சைஸுல இருந்துருக்கு, முத படத்துல பக்கத்துல இருந்த சதவீதக் குறியோட ஒட்டிக்கிட்டு ஒரு அழுக்கு மாதிரிதான் தெரிஞ்சுச்சு. 6¼%னா பதினாறுல ஒரு பங்கு. ரெண்டு வருஷக் கணக்குல கூட்டு வட்டி கூடுதலா வர்றது எதனால, முத வருஷ வட்டிக்கு ரெண்டாவது வருஷம் விழுகுற வட்டிதானே, அதான் அந்த 64. அப்ப முத வருஷ வட்டி 64ஐ 16ஆல பெருக்கினா 1,024, தொகை அதையும் 16ஆல பெருக்கினா 16,384. ஆப்ஷன்ல ரெண்டாவதா உக்காந்துருக்கு. ஃபார்முலாவே வேணாம்.

இதோட விட்ருந்தா "படத்தை கிராப் பண்ணுங்கப்பா"ன்னு ரெண்டு வரியில திட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா அழிக்கலாம்னு அந்த முத படத்தைத் திரும்பத் திறந்தப்பதான் சுத்தி இருந்த குப்பையைப் படிச்சேன், எனக்கு கேள்வியை விட அதுதான் பெருசாப் பட்டுச்சு. டைமர்ல மிச்சம் 6 நிமிஷம் 12 செகண்டு. கணக்குப் பகுதி 35 கேள்விக்கு மொத்தமே 20 நிமிஷம். கட்டத்துல பச்சை 11, சிகப்பு 5, மிச்சம் 19ம் இன்னும் தொறக்கவே இல்ல. அதாவது 13 நிமிஷம் 48 செகண்டுல 16 கேள்வியைத்தான் பார்த்துருக்கு, ஒண்ணுக்கு சராசரி 52 செகண்டு. கிடைக்கிறதே ஒண்ணுக்கு 34 செகண்டு சொச்சம்தான். இனிமே மிச்ச 19க்கு ஒண்ணுக்கு 20 செகண்டு கூட வராது, இதுல டெஸ்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஸ்க்ரீன்ஷாட் வேற!

போன் போட்டேன். "இந்தக் கேள்வியில எம்புட்டு நேரம் நின்ன?" "தெரியல சார், விட மனசு வரல." அப்புறம் அதுவே சொல்லுச்சு, சிகப்பைப் பார்த்தா அஞ்சு தப்பாயிடுச்சுன்னு பதட்டமாகி பின்னாடி போய் அதைத் திரும்ப திரும்ப போட்டுப் பார்த்துச்சாம். அட, டெஸ்ட் ஓடும்போது சிகப்புன்னா தொறந்து பார்த்துட்டு விடை குறிக்காம விட்டதுன்னு அர்த்தம், தப்புன்னு அர்த்தமே இல்ல. முடிஞ்சப்புறம் விடைத்தாள் பக்கத்துல வர்ற சிகப்புதான் தப்பு. அந்தப் பொண்ணு ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிருக்கு. குறிக்காம விட்டதுக்கு மார்க் ஒண்ணும் குறையாது, தப்பா குறிச்சாத்தான் கால் மார்க் போகும்.

அதனால இப்ப கிளாஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான், கணக்கு புரியலைன்னா கேள்வியும் அஞ்சு ஆப்ஷனும் மட்டும் இருக்குற மாதிரி வெட்டுங்க, பேரு நம்பர் எதுவும் வேணாம். டைம் பத்தலைன்னா வெட்டாதீங்க, அந்த வலது பக்கத்தை முழுசா அனுப்புங்க, பேரை மட்டும் மறைச்சுட்டு.

இன்னைக்குக் காலையில அதே பொண்ணு இன்னொண்ணு அனுப்பிருக்கு. ரொம்ப ஒழுங்கா வெட்டிருக்கு, ஆப்ஷனையும் சேர்த்து வெட்டிருச்சு.