நாலு தலைப்பு, ஒரே கேள்வி!

வெப்சைட்டில் எழுத வேண்டிய கட்டுரைத் தலைப்புகளைப் பட்டியல் போட்டு மறுபடியும் அதே மாதிரி ஒரு ஷீட். மதுரைச் சுங்குடிச் சேலை விற்கிற கடைக்கு, எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்கிற மையப் பக்கமாக ஒரு பில்லர் பேஜ், அதற்குக் கீழே பன்னிரண்டு துணைக் கட்டுரைகள். அதில் முதல் நாலு தலைப்பைப் படியுங்கள். "சுங்குடிச் சேலை துவைப்பது எப்படி?" "சுங்குடிச் சேலை பராமரிப்பு முறைகள்." "சுங்குடியில் சாயம் போகாமல் இருக்க." "புதுச் சுங்குடியை முதல் தடவை அலசும்போது."

ஏங்க, இது நாலு கட்டுரையா? யார் எழுதினாலும் நாலிலும் ஒரே பத்திதான் வரும்: தனியாக அலசுங்க, பச்சைத் தண்ணி போதும், ஊறப் போடாதீங்க, நிழலில் காயப் போடுங்க. அவ்வளவுதான் விஷயம். அதை நாலு முறை மாற்றி மாற்றி எழுதி, நாலு நாள் வேலையை நாசம் பண்ணி, கடைசியில் கூகுளுக்கே எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஆக்கிவிடுகிறோம். வெளியிலிருந்து வருகிற லிங்க்கும் நாலாகச் சிதறிப்போகும். அப்புறம் "எதுவுமே மேலே வரலையே" என்று போன் வரும். எப்படிங்க வரும்?

தலைப்பை யோசிப்பதற்கு முன்னால் ஷீட்டில் இன்னும் இரண்டு நெடுவரிசை போடுங்கள். ஒன்றில், கடை வாசலில் நிற்கிற அக்கா வாயால் கேட்கிற கேள்வி. "தம்பி, இது கையால முடிச்சுப் போட்டதா, பிரிண்டா?" இன்னொன்றில், அதற்கு ஒரே வரியில் பதில். கையால் கட்டின சுங்குடியில் புள்ளிகள் ஒரே அச்சாக இருக்காது, வட்டம் கொஞ்சம் கோணும், முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும். அடுத்த தலைப்பு "ஒரிஜினல் சுங்குடியைக் கண்டுபிடிப்பது எப்படி?" அதற்கும் இதே வரியைத்தானே பதிலாக எழுதப் போகிறீர்கள்? அப்படியானால் அதை அடித்துவிடுங்கள். வார்த்தை வேறு என்பதால் கேள்வி வேறாகிவிடாது. 2005-ல் கிடைத்த புவிசார் குறியீடு எதைக் காக்கிறது என்பது தனிக் கேள்வி, அதன் பதில் வேறு எங்கும் பொருந்தாது. அது தாராளமாக நிற்கட்டும்.

"சுங்குடிக்குக் கஞ்சி போடலாமா?" மாதிரிச் சந்தேகக் கேஸ் வந்தால், அதையும் துவைக்கிற தலைப்பையும் தனித்தனியாகத் தேடி முதல் பத்து முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாதிக்கு மேல் அதே பக்கங்கள் வந்தால் இரண்டையும் ஒரே கட்டுரையில் வைப்பதுதான் நல்லது. தமிழில் மட்டும் ஒரு எச்சரிக்கை: எழுதினவர்கள் குறைவு என்பதாலும் அதே பக்கங்கள் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கஞ்சி பற்றி ஒரு வரிகூட அங்கே இல்லையென்றால் அது யாரும் பதில் சொல்லாத கேள்வி. விடாதீர்கள், தனியாகவே எழுதுங்கள்.

பில்லர் பேஜ் பண்ணுகிற அநியாயம் இன்னொரு பக்கம். துவைப்பதைப் பற்றி அங்கேயே எண்ணூறு வார்த்தை எழுதி, துணைக் கட்டுரையின் தலைப்பையே உபதலைப்பாக வைத்தால், தாயும் பிள்ளையும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? பில்லரில் "துவைப்பதும் காயவைப்பதும்" என்று நாலு வரி, அதற்குக் கீழே கட்டுரைக்கு லிங்க். கட்டுரையிலிருந்து பில்லருக்கு ஒரு லிங்க். போதும்.

ஏற்கெனவே நாலையும் ஏற்றிவிட்டவர்கள் கூகுளின் சர்ச் கன்சோலில் Performance-க்குப் போய், "சுங்குடி துவைப்பது" என்கிற தேடலைச் சொடுக்கி, Pages-ஐத் திறங்கள். ஒரே தேடலுக்கு மூன்று நாலு முகவரி வருகிறதா? ஒவ்வொன்றாகத் தேதிவாரியாகப் பாருங்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று மாறி மாறி ஏறி இறங்கினால் நோய் அதுதான். அதிகக் கிளிக் வாங்குகிற ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதில் உருப்படியாக இருக்கிற வரிகளை அதில் சேர்த்துவிட்டு, பழைய முகவரிகளைத் திருப்பிவிடுங்கள். அப்பாச்சி சர்வராக இருந்தால் `.htaccess`-ல் இப்படி:

```
Redirect 301 /sungudi-sayam /sungudi-thuvaippathu
Redirect 301 /sungudi-paramarippu /sungudi-thuvaippathu
```

வெறுமனே அழித்துவிடாதீர்கள். அழித்தால் அந்தப் பக்கத்துக்கு வந்த லிங்க் எல்லாம் வீணாகப் போகும்.

அந்த ஷீட்டில் பன்னிரண்டாவது தலைப்பு என்ன தெரியுமா? முதல் தலைப்பேதான், "சுங்குடி" இருந்த இடத்தில் "சுங்கடி" என்று எழுத்து மாற்றி! மக்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள் என்றால் ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் எழுதுங்களேன்!

அதைவிட வயிற்றெரிச்சல், அந்த ஷீட்டை ஷீட்டாக அனுப்பவில்லை. லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அதுவும் சாய்ந்து, மூன்றாவது நெடுவரிசை பாதி வெட்டுப்பட்டு. ஒரு தலைப்பைக்கூடக் காப்பி பண்ண முடியலைங்க.