பூமி திசை மாறிச் சுற்றவில்லை

"வட அரைக்கோளத்தில் வியாபாரக் காற்று வடகிழக்கிலிருந்துதான் வரணும். ஆனா ஜூலையில் ஏற்காட்டில் தென்மேற்கிலிருந்து அடிக்குது. பூமி சுற்றும் திசை மாறிடுச்சு! எல்லாருக்கும் அனுப்புங்க."

பலருக்கும் அனுப்பப்படும் இந்தச் செய்தி தவறு. திசை மாறியிருந்தால் சேலத்தில் சூரியன் மேற்கே உதிக்கும்!

ஏற்காட்டில் அப்போது தென்மேற்கிலிருந்து காற்று வீசுவது உண்மைதான். ஆனால் அது புறப்படும் இடம் தென் அரைக்கோளம். அங்கே சுமார் 30 டிகிரி தெற்கில் உள்ள உயர் அழுத்தப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கிக் கிளம்புகிறது. தென் அரைக்கோளத்தில் பூமியின் சுழற்சி காற்றை அது போகும் திசைக்கு இடப்பக்கம் திருப்பும். அதனால் அது தென்கிழக்குக் காற்றாகிறது.

சரி, நிலநடுக்கோட்டோடு ஏன் நிற்கவில்லை? அங்கே இருக்கவேண்டிய தாழ்வழுத்தப் பட்டை கோடையில் வட இந்தியா வரை நகர்ந்துவிடுகிறது. அதைத் தேடிக் காற்றும் கோட்டைத் தாண்டுகிறது. தாண்டியபின் விலக்கம் வலப்பக்கமாக மாறுவதால், அதே காற்று தென்மேற்குப் பருவக்காற்றாக வளைகிறது. வடகிழக்குக் காற்றும் எங்கும் போய்விடவில்லை, பட்டை தெற்கே இறங்கும் குளிர்காலத்தில் வந்துவிடும்.

earth.nullschool.net தளத்தில் ஜூலை மாதத் தேதி ஒன்றைப் போட்டு, மடகாஸ்கரிலிருந்து சோமாலியா வழியாகக் கேரளம் வரை பாருங்கள். அந்த வளைவு கண்ணுக்கே தெரியும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.