அந்தச் சிவப்பு வட்டம்

இரண்டு நாள்களாக நம் பினாங்கு நண்பர்கள் பகிர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் அந்த உணவுப் பட்டியல் அட்டையைத் தட்டச்சு செய்தவன் நான்தான். a la carte என்பதில் முதல் எழுத்தின் தலையில் கோடு இல்லையாம். அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு, "இதுதான் நம்மவர் ஆங்கிலம்" என்று பதிவிட்டிருக்கிறார் ஓர் அன்பர்.

கோடு இல்லாதது பிழையன்று. பிரெஞ்சிலிருந்து வந்த அந்தத் தொடர் ஆங்கிலத்தில் குடியேறி நெடுங்காலமாயிற்று. À என்றும் எழுதுகிறார்கள், வெறும் a என்றும் எழுதுகிறார்கள். தவறான கோடுதான் பிழை. அன்பர் "திருத்தி"க் காட்டியதோ á la carte. சரியான கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கம் கீழே சரியும். அவருடையது எதிர்ப்பக்கம் சாய்கிறது. அப்படியோர் எழுத்தே பிரெஞ்சில் கிடையாது. பாடம் நடத்த வந்தவர் இதையாவது பார்த்திருக்கலாம்.

கோட்டை நான் அறியாமல் விடவில்லை. 2006இல் ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகத்தில் இருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் à போட்டு மின்னஞ்சலில் அனுப்பிய பட்டியல் எங்கள் திரையில் Ã என்று வந்தது. UTF-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் அந்த ஓர் எழுத்து இரண்டு பைட்டுகளாகச் சேமிக்கப்படும். பைட்டுக்கு ஓர் எழுத்து என்று படிக்கும் மென்பொருளோ முதல் பைட்டை Ã என்றும் அடுத்ததை வெற்றிடமாகவும் காட்டிவிடும். யாரும் கவனிக்காமல் முந்நூறு அட்டைகள் அச்சாகிவிட்டன. வசவு எனக்கு. அன்று முதல் சாதாரண எழுத்தில் தட்டச்சு செய்யும்போது கோடு போடுவதில்லை.

"மூலமொழியை மதிக்க வேண்டாமா?" என்பீர்கள். மதிப்பதென்றால் rendezvous என்பதையும் பிரெஞ்சுக்காரர் போல் rendez-vous என்று இடைக்கோட்டுடன் எழுதுங்கள். மாட்டீர்கள், ஏனெனில் ஆங்கிலத்தில் அது ஒரே சொல்லாகிவிட்டது. தோட்டத்தில் பால் மரம் சீவிய நம் பாட்டிமார் ரப்பரைக் குறிக்கும் getah என்ற மலாய்ச் சொல்லைக் 'கித்தா' என்றார்களே, அவர்களுக்கும் வட்டம் போடுவீர்களோ?

அப்படியானால் மனம் போனபடி எழுதலாமா என்றால், கூடாது. கோடு போகலாம், சொல் சிதையக் கூடாது. நம் ஊர்க் கடைகளில் ala carte என்று சேர்த்து எழுதுவது, மேற்கத்தியப் பாணி என்று பொருள்படும் 'ala Barat' என்ற மலாய் வழக்கின் சாயலாக இருக்கலாம். வந்த வழி புரிகிறது, ஆனால் ஆங்கிலத்தில் அது மூன்று சொல். en route இரண்டு சொல். 'ஆன்' என்று காதில் விழுவதால் on route என்று எழுதுவதும், ஒட்டி enroute என்று எழுதுவதும்தான் வட்டத்துக்கு உரியவை. résumé போன்ற சிலவற்றில் கோடு குழப்பம் தீர்க்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது வேறு கதை.

அன்பரே, உங்கள் பதிவின் கீழேயே நண்பருக்கு "I'm on route" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதற்கு வட்டம் போடவில்லை. கடைக்கார அண்ணன்தான் நேற்றிரவு அழைத்து, "தம்பி, அட்டையை எல்லாம் மறுபடி அடிக்கணுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் அண்ணே என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.