மாதவிடாய்க்கு முந்தைய பதற்றம்: ரத்தப் பரிசோதனை காட்டாது

"பீரியட்ஸுக்கு முந்தின வாரம் தூக்கம் வராமல் படபடப்பா? ஹார்மோன் கூடிவிட்டது. ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எல்லாப் பெண்களுக்கும் அனுப்புங்கள்." இப்படி ஒரு செய்தி பரவுகிறது.

அது தவறு. இந்தச் சிக்கல் உள்ள பெண்களுக்கும் ஹார்மோன் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு மூளை காட்டும் எதிர்வினைதான் வேறுபடுகிறது. தைராய்டு, ரத்தசோகை போன்ற வேறு காரணங்களை விலக்கவே ரத்தப் பரிசோதனை உதவும்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? நாட்குறிப்புதான். தினமும் இரவில் தூக்கச் சிக்கல், பதற்றம் இரண்டுக்கும், இல்லவே இல்லை என்றால் 1, மிகக் கடுமை என்றால் 6 என மதிப்பெண் போட்டு, ரத்தப்போக்கு நாளையும் குறியுங்கள். குறைந்தது 2 சுழற்சிகள் வேண்டும். நினைவிலிருந்து எழுதுவது ஏமாற்றும்.

பார்க்க வேண்டியது மாதவிடாய் முடிந்த வாரத்தை. ரத்தப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 24ஆம் நாள் 5 என்றிருந்த பதற்றம் அடுத்த சுழற்சியின் 8ஆம் நாள் 1 ஆனால், சுழற்சியோடு தொடர்புண்டு. அப்போதும் 4 என்றால், ஏற்கெனவே உள்ள பதற்ற நோயோ தூக்கக் கோளாறோ அந்த வாரத்தில் கூடுகிறது என்று சந்தேகிக்கலாம். சிகிச்சை வேறாகும் என்பதால் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் குறிப்பு முடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே உதவி தேடுங்கள்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் இணையதளத்திலும் இந்த நாட்குறிப்பு முறையைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.