நான்முகியின் உயரம்: உண்மை விளக்கம்

“ஒழுங்கு நான்முகியின் விளிம்பு a எனில் புறப்பரப்பு √3a², உயரம் √3a/2, சுற்றுக்கோள ஆரம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு.” – சென்னை மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குறிப்பு.

புறப்பரப்பு மட்டுமே சரி; மற்ற இரண்டும் ஒரு முக்கோண முகத்துக்கு உரியவை. விளிம்பு 12 செ.மீ. எனில், உச்சியிலிருந்து விழும் செங்குத்து அடிமுகத்தின் நடுக்கோட்டு மையத்தைத் தொடுவதாலும், அம்மையம் அடியின் ஒவ்வொரு முனையிலிருந்தும் 12/√3 தொலைவில் இருப்பதாலும், உயரத்தின் வர்க்கம் 144 − 48 = 96, அதாவது உயரம் ஏறத்தாழ 9.80 செ.மீ. ஆகும். குறிப்பு தரும் 10.39 முகத்தின் சாயுயரமே. அட்டையில் செய்து மேசைமேல் வைத்து அளந்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

நான்கு முனைகளுக்கும் சமதொலைவிலுள்ள மையம் உயரத்தை 3:1 எனப் பிரிப்பதால், சுற்றுக்கோள ஆரம் உயரத்தில் முக்கால் பங்கு: √6a/4, இங்கே 7.35 செ.மீ.