‘அதே’ என்ற சொல்லை நர்ஸம்மா அடித்த கதை

நேற்று ஒரு பள்ளிச் சுவரில் தடுப்பூசி முகாமுக்கான பேனர் பார்த்தேன். ‘வதந்திகளை நம்பாதீர்! தடுப்பூசி முற்றிலும் பாதுகாப்பானது!’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேலாக ஃபிளெக்ஸ் கடை நடத்துகிறவன் என்ற முறையிலும், ஒரு காலத்தில் தன் பிள்ளைக்கு ஊசி போட யோசித்த அப்பன் என்ற முறையிலும் சொல்கிறேன், அந்த வாசகம் யாருடைய பயத்தையும் போக்காது. வதந்தியே கேட்காமல் அந்த வழியாகப் போகிறவர் ‘என்ன வதந்தி?’ என்று போனை எடுத்துத் தேடுவார், ஏற்கெனவே பயந்திருப்பவருக்கோ தன்னை முட்டாள் என்று சொல்வது போலப் படும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பது மாதக் குழந்தையில் தொடங்கி 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மூச்சில் போட வேண்டும் என்று திட்டம். இந்தியாவில் முதல் கட்டமாகத் தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்திலேயே ஊசி. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் கிளம்பின. பிள்ளை பெறும் தகுதி போய்விடும், வெளிநாட்டு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், இப்படி. நம் மாநிலத்தில் பிப்ரவரிக்குள் முடிய வேண்டியது மார்ச் வரை நீண்டது.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த சீட்டை நாங்கள் கையெழுத்துப் போடாமல் டிவி பெட்டி மேல் வைத்திருந்தோம். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை, ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்றாள், நானும் சரி என்றேன். பெரும்பாலான வீடுகளில் இருந்தது இந்த ‘பொறுத்துப் பார்க்கலாம்’தான். வேண்டவே வேண்டாம் என்று நின்றவர்கள் எங்கள் தெருவில் இரண்டு மூன்று வீட்டுக்கு மேல் இல்லை.

அந்த வாரத்தில்தான் எங்கள் பகுதி நர்ஸம்மா கடைக்கு வந்தார். கிராம சுகாதார செவிலியர், என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து ஊசி போட்டவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆறுக்கு நாலு அடியில் ஒரு பேனர் வேண்டும், வாசகத்தையும் நீயே எழுதிக் கொடு தம்பி என்றார். முதலில் ‘மலட்டுத்தன்மை வராது, பயம் வேண்டாம்’ என்று எழுதிக் காட்டினேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். முந்தின நாள் ஒரு பள்ளியில் இதையேதான் வாயால் விளக்கினாராம். அதுவரை அந்தப் பேச்சே காதில் விழாத ஒரு தாய் ‘என்னது, மலட்டுத்தன்மையா?’ என்று பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். ஆறடிப் பலகையில் பெரிய எழுத்தில் ஒரு பயத்தின் பெயரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ‘வராது’ என்று சேர்த்தால், வண்டியில் போகிறவன் கண்ணில் நிற்பது முதல் சொல்தான். இது என் தொழிலில் எனக்கே தெரிந்திருக்க வேண்டியது.

அடுத்து ‘ஊசியால் காய்ச்சல் வராது’ என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். இது எனக்குப் புதிய செய்தி. ஒன்றரை மாத ஊசிக்கு வருவது போல இதற்கு அன்று ராத்திரியே காய்ச்சல் வருவதில்லை. தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி, அது உடம்பில் கொஞ்சம் பெருகித்தான் எதிர்ப்பு சக்தியைக் கிளப்புகிறது. அதனால் சில பிள்ளைகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் லேசான காய்ச்சலோ, மேலே சிவப்பாகத் தடிப்போ வரும், ஓரிரு நாளில் அடங்கிவிடும். ‘வராது’ என்று பேனரில் போட்டு, ஒரு வாரம் கழித்து நாலு வீட்டில் காய்ச்சல் வந்தால் அந்தத் தெருவில் அப்புறம் எந்த ஊசிக்கும் கதவு திறக்காது என்றார். அதை நேரில் உட்கார வைத்துச் சொல்வேன், பலகையில் வேண்டாம் என்றார்.

‘அப்போ பலகையில் என்னதான் போடுவது?’ என்று கேட்டேன். அக்கா திருப்பி என்னைக் கேட்டார். ‘உன் பிள்ளைக்கு ஏன் இன்னும் கையெழுத்துப் போடலை?’

யோசித்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த எதையும் நான் நம்பிவிடவில்லை. ரூபெல்லா என்ற பெயரை அதற்கு முன் கேட்டதில்லை, அவ்வளவுதான். எங்கிருந்தோ புதிதாக ஒன்று வருகிறது, அதையும் ஆஸ்பத்திரியில் போடாமல் வகுப்பறையில் வரிசையாக நிறுத்திப் போடுகிறார்கள். புதுசு என்ற பயம். இதைச் சொன்னதும் அக்கா, ‘உன் மக அட்டையை எடுத்துட்டு வா’ என்றார்.

வீட்டில் பீரோவில் பிறப்புச் சான்றிதழோடு மடித்து வைத்திருந்த தடுப்பூசி அட்டை. அதில் ஒன்பதாம் மாதத்துக்கு நேராகத் தட்டம்மை என்றும், பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் தேதியும் இருந்தது. எங்கள் பக்கம் மணல்வாரி என்று சொல்லும் அம்மைக்கான ஊசி. அரசுத் திட்டத்தில் 1985 முதல் குழந்தைகளுக்குப் போட்டு வருகிறார்கள். அந்தத் தட்டம்மை மருந்தோடு ரூபெல்லாவையும் சேர்த்துத்தான் இப்போது வந்திருக்கிறது. தனியார் மருத்துவமனையில் காசு கட்டிப் போட்டுக்கொள்ளும் எம்.எம்.ஆர். ஊசியிலும் இந்த இரண்டும் பல வருடமாக இருக்கின்றன, கூடவே பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து.

எனக்கு உடனே வாசகம் வந்துவிட்டது. ‘ஒன்பதாம் மாதம் போட்ட அதே ஊசிதான்!’

அக்கா பேனாவை எடுத்து ‘அதே’யை அடித்தார்.

நான் சண்டை பிடித்தேன். அந்தச் சொல்லில்தான் வாசகத்தின் உயிரே இருக்கிறது என்றேன். அவர் சொன்னது இதுதான்: ‘அப்ப போட்டது தட்டம்மை மட்டும். இப்ப ரெண்டு. படிச்ச அப்பன் ஒருத்தன் அட்டையையும் மருந்து பாட்டிலையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, இதுல பொய் சொன்னவ வேற எதுல பொய் சொல்லலைன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?’ பெரும்பாலும் உண்மை என்பது போதாது, எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்க வேண்டும் என்று நின்றார். கடைசியில் பேனரில் போனது இப்படி:

‘உங்கள் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் போட்ட தட்டம்மை ஊசி. இப்போது ரூபெல்லாவும் சேர்ந்து. அட்டையை எடுத்துப் பாருங்கள்.’

நான் எழுதியதை விட நீளம், காதுக்கும் அவ்வளவு இனிமை இல்லை. ஆனாலும் கடைசி மூன்று சொற்கள்தான் வேலை செய்தன என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ‘நம்புங்கள்’ என்றால் யாரை நம்புவது என்ற கேள்வி வரும். அட்டை அவர்கள் பீரோவிலேயே இருக்கிறது, தேதி இருக்கிறது, அந்த ஊசி போட்டு எட்டு வருடமாக ஓடி விளையாடும் பிள்ளையும் கண் முன்னால் இருக்கிறது. தாயே பார்த்து, தாயே முடிவுக்கு வருகிறாள். என் மனைவி அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

இந்த வாசகம் புதிதாக ஒரு கேள்வியையும் கிளப்பியது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ‘ஏற்கெனவே போட்டாச்சுன்னா மறுபடி எதுக்கு?’ என்று முகாமில் வரிசையாகக் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. ஒன்பதாம் மாதத்தில் குழந்தையின் உடம்பில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது ஊசி மருந்தின் வேலையையும் சில குழந்தைகளுக்குத் தடுத்துவிடும். அதனால் அந்த வயதில் போட்டால் 100 பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். யார் அந்த 15 பேர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. தட்டம்மையோ ஒரு வகுப்பறையில் ஒருவனுக்கு வந்தால் எதிர்ப்பு சக்தி இல்லாத கிட்டத்தட்ட எல்லாருக்கும் பரவும். அதனால்தான் முன்பு போட்டவர், போடாதவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் இன்னொரு முறை. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி வந்த பிள்ளைக்கு இந்த இரண்டாவது ஊசியால் கெடுதல் இல்லை. நர்ஸம்மா இதைச் சொல்ல ஒரு கணக்கு வைத்திருந்தார்: ‘நாற்று நட்டா எல்லாமா பிடிக்குது? விட்டுப்போன இடத்துல திரும்ப நடுறோம்ல.’ வயல்காட்டு ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு தாய் கேட்டது, ‘ஒரே ஊசியிலயா எல்லாப் பிள்ளைக்கும் குத்துறீங்க?’ அதற்கு வாசகம் எதுவும் உதவாது. ஒரு முறை அழுத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் ஊசிகள் அவை, இரண்டாம் முறை மருந்தை இழுக்கவே முடியாது. அக்கா பயன்படுத்திய ஒன்றை அந்தத் தாயின் கண் முன்னால் இழுத்துக் காட்டினார். தூளாக இருக்கும் மருந்தைக் கரைத்த நேரத்தையும் பாட்டில் மேல் எழுதி வைத்திருப்பார், நாலு மணி நேரம் தாண்டினால் மிச்சம் இருந்தாலும் போடக் கூடாது. பார்க்கக் கேட்டால் காட்டுவார். எல்லாப் பயத்துக்கும் ஒரே பலகையில் பதில் எழுத நினைத்தால் பலகை நிறையும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். அந்த ஊரில் அந்த மாதம் எந்தப் பயம் அதிகமோ அதற்கு ஒரே ஒரு உண்மை பலகையில் போதும், மற்றதெல்லாம் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டியது.

ரூபெல்லா பற்றியும் கேட்பீர்கள். பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போய்விடும் நோய்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் கரு கலையலாம், இல்லையென்றால் குழந்தை காது கேட்காமல், கண்ணில் புரையோடு, இதயத்தில் கோளாறோடு பிறக்கலாம். பிள்ளை பெறுவதைக் கெடுக்கும் என்று புரளி கிளப்பியது, பிறக்கப் போகும் பிள்ளையைக் காப்பாற்றும் ஊசியைப் பற்றி. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தையும் நான் பேனரில் போடவில்லை.

போன வாரம் பக்கத்து ஊர் நர்ஸ் ஒருவர் பேனருக்கு வந்தார். ஒன்றரை வயதையொட்டிப் போடும் இரண்டாம் தவணை விடுபட்ட குழந்தைகளுக்கான முகாம். 2017 முகாம் முடிந்த பிறகு வழக்கமான ஊசியிலேயே தட்டம்மைக்குப் பதிலாக இரண்டும் சேர்ந்ததையே போடுகிறார்கள், இப்போதைய குழந்தைகளின் அட்டையில் ஒன்பதாம் மாதத்துக்கு நேராக MR என்றே இருக்கும். அவரிடம் அட்டை ஒன்றை வாங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பிறகு எழுதினேன்:

‘ஒன்பதாம் மாதம் போட்ட அதே ஊசி. இரண்டாம் முறை. அட்டையை எடுத்துப் பாருங்கள்.’

இந்த முறை ‘அதே’யை யாரும் அடிக்கவில்லை.